பிஎன்ஆர் வந்துவிட்டதா? டிக்கெட் எண்ணையும் கேளுங்கள்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக என் அத்தை மகன் வாட்ஸ்அப் ஏஜென்ட் ஒருவரிடம் டிக்கெட் எடுத்தான். பணம் அனுப்பியதும் ஆறெழுத்து பிஎன்ஆர் வந்தது. விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் பெயர், தேதி எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பதிவே இல்லை. ஏஜென்டின் போனும் அணைந்திருந்தது.

சூட்சுமம் இதுதான். பணம் கட்டாமலே இருக்கையைச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ பிடித்து வைக்க ஏஜென்டுகளால் முடியும். அதற்கும் பிஎன்ஆர் உண்டு. கெடுவுக்குள் டிக்கெட் போடாவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும்.

அதனால், டிக்கெட் போட்ட பிறகே வரும் 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் காட்டும்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. எண்ணைக்கூட இட்டுக்கட்டலாம் என்பதால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "டிக்கெட் இஷ்யூ ஆகிவிட்டதா?" என்றே கேளுங்கள். "புக்கிங் இருக்கிறதா?" என்றால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அழைக்கும் எண்ணை நிறுவனத்தின் செயலியிலிருந்து எடுங்கள். கூகுளில் தேடினால் அங்கேயும் போலி எண்கள் உட்கார்ந்திருக்கும். சில மலிவுக் கட்டண விமானங்களில் 13 இலக்க எண் தரமாட்டார்கள். அங்கே பணம் முழுதும் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். தாமதித்தால் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.