எண் சரி, இடம் தப்பு: மீட்புக் குழுவிடம் கோஆர்டினேட் சொல்லும்போது நேரும் தவறுகள்

இத்தாலிப் பக்கத்து ஆல்ப்ஸ் மலையில் ஒருவர் வழுக்கி விழுந்து கால் உடைந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட வந்தவர் போனில் மேப்பைத் திறந்து தாங்கள் நிற்கும் இடத்தை அழுத்துகிறார். அந்த இடத்தின் கோஆர்டினேட், அதாவது அட்சரேகையும் தீர்க்கரேகையும், 45.3124, 7.2548 என்று வருகிறது. அவசர எண்ணுக்கு அழைத்து, "நாற்பத்தைந்து, முப்பத்தொன்று, இருபத்துநான்கு. அப்புறம் ஏழு, இருபத்தைந்து, நாற்பத்தெட்டு" என்கிறார்.

அவர் சொன்னதில் ஓர் இலக்கம்கூடத் தப்பில்லை. மறுமுனையில் இருப்பவரும் எல்லாவற்றையும் சரியாகவே கேட்டார். ஆனால் அவர் தாளில் எழுதியது 45°31′24″, 7°25′48″. அந்த இடம் விழுந்தவர் கிடக்கும் இடத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 27 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதுவும் மலைதான் என்பதால் வரைபடத்தைப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரவும் வழியில்லை.

கோஆர்டினேட் சொல்வதில் பெரிய தவறு எண்ணை மாற்றிச் சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், தசமப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் அதைவிடப் பெரிய தவறு.

ஒரே இடம், மூன்று எழுத்துமுறை

அதே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்:

```
45.3124°          7.2548°
45° 18.744′       7° 15.288′
45° 18′ 44.6″     7° 15′ 17.3″
```

முதல் வரியில் இருப்பது தசம டிகிரி. கூகுள் மேப்ஸ் வழக்கமாக இப்படித்தான் காட்டும். மூன்றாவது டிகிரி, மினிட், செகண்ட். ஐபோனின் திசைகாட்டி இந்த வடிவத்தில் காட்டும். நடுவில் இருப்பது டிகிரியும் தசம மினிட்டும். கப்பல்களிலும் வான்வழி மீட்பிலும் அதிகம் புழங்குவது இதுதான். ஒரு டிகிரிக்கு 60 மினிட், ஒரு மினிட்டுக்கு 60 செகண்ட். கடிகாரத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை, கணக்கு மட்டும் அதே கணக்கு.

போனில் பேசும்போது °, ′, ″ ஆகிய குறிகள் காதில் விழாது. புள்ளியை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அதுவும் காணாமல் போகும். மிஞ்சுவது வெறும் எண்கள். கேட்பவர் தமக்குப் பழக்கமான வடிவத்தில் அவற்றை அடுக்கிக்கொள்கிறார். 3124 என்பதை "முப்பத்தொன்று, இருபத்துநான்கு" என்று இரண்டிரண்டாகப் பிரித்துச் சொன்னதுமே அது மினிட், செகண்ட் போலத்தான் கேட்கிறது. போன் நம்பரை அப்படிப் பிரித்துச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம், அந்தப் பழக்கம் இங்கே காலை வாருகிறது.

சில சமயம் தப்பு தானாகவே மாட்டிக்கொள்ளும். மினிட்டும் செகண்டும் 60-ஐத் தொடாது. "எழுபத்து மூன்று" என்று நடுவில் ஒன்று வந்தால், அனுபவமுள்ளவர் உடனே நிறுத்தி, "தசமத்தில் சொல்கிறீர்களா?" என்று கேட்பார். ஆனால் நான்கு ஜோடிகளும் 60-க்குள் விழுந்துவிட்டால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. நான்கு தசம இடங்கள் உள்ள எண்களில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு தடவை அப்படி விழும். மேலே சொன்ன இடம் அந்த எட்டில் ஒன்று.

இரண்டாவது வடிவத்தில் நேரும் குழப்பம் இன்னும் நைசானது. 15.28 மினிட் என்பதைப் "பதினைந்து, இருபத்தெட்டு" என்று சொன்னால், கேட்பவர் 15 மினிட் 28 செகண்ட் என்று எழுதிவிடுவார். உண்மையில் அது 15 மினிட் 17 செகண்டுக்குச் சற்றுக் குறைவு. நம் உதாரணத்தில் இதனால் வரும் பிழை சுமார் 230 மீட்டர். 230 மீட்டர்தானே என்று தோன்றும். மலையில் அது பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவாக இருக்கலாம். இரவில், கடலில், அலைக்கு நடுவே ஒரு தலையைத் தேடுகிறவர்களுக்கும் அது சின்னத் தூரம் இல்லை.

எப்படிச் சொல்வது

முதலில் எந்த வடிவம் என்பதைச் சொல்லிவிடுங்கள், எண்களை அப்புறம் தொடங்கலாம். "தசம டிகிரியில் சொல்கிறேன். வடக்கு, நான்கு ஐந்து புள்ளி மூன்று ஒன்று இரண்டு நான்கு." இங்கே நிறுத்துங்கள். அவர் எழுதி முடித்ததும், "கிழக்கு, ஏழு புள்ளி இரண்டு ஐந்து நான்கு எட்டு." ஒவ்வோர் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும். மினிட், செகண்டில் இருந்தால் அந்தச் சொற்களையும் சேர்த்தே சொல்லுங்கள்: "நான்கு ஐந்து டிகிரி, ஒன்று எட்டு மினிட், நான்கு நான்கு புள்ளி ஆறு செகண்ட், வடக்கு."

திரையில் எந்த வடிவம் இருக்கிறதோ அதையே படியுங்கள். மறுமுனையில் வேறு வடிவம் வேண்டுமென்றால் மாற்றுவது அவர்கள் வேலை, அதற்கான மென்பொருள் அவர்களிடம் இருக்கும். பதற்றத்தில் 60-ஆல் பெருக்கிப் பார்ப்பது வேண்டாத வேலை. இருவர் இரண்டு போன்களில் பார்த்து எண்கள் வேறாக இருக்கின்றனவே என்று திகைப்பதும் நடக்கும். பெரும்பாலும் ஒரே இடத்தின் இரண்டு வடிவங்கள்தான் அவை. ஒரு போனை மட்டும் நம்பிப் படியுங்கள்.

"டபுள் ஃபோர்", "ட்ரிபிள் செவன்" எல்லாம் வேண்டாம். இரைச்சலில் "டபுள்" மட்டும் விழுங்கப்பட்டால் ஓர் இலக்கம் குறைந்துவிடும், குறைந்தது யாருக்கும் தெரியாது. பூஜ்யத்தை விழுங்குவது அதைவிட மோசம். 45.0312 என்பதைப் "புள்ளி முன்னூற்றுப் பன்னிரண்டு" என்று படித்தால், அவர் எழுதுவது 45.312. சுமார் 31 கிலோமீட்டர் வடக்கே போயாயிற்று. புள்ளிக்குப் பின்னால் வரும் பூஜ்யத்தை அழுத்தமாகவே சொல்லுங்கள்.

சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். சில மெய்யொலிகளின் கூர்மை அதற்கு மேலே இருப்பதால், மறுமுனையில் அவற்றைவிட உயிரொலிதான் தெளிவாகக் கேட்கும். ஆங்கிலத்தில் 'ஃபைவ்', 'நைன்' இரண்டிலும் உயிரொலி ஒன்றே என்பதால் அவை ஒன்றுபோலக் கேட்கலாம். விமானிகள் ஒன்பதை 'நைனர்' என்பதும் அதற்காகவே. தமிழில் பேச்சுவழக்கில் சொன்னால் 'ஒண்ணு', 'மூணு' இரண்டும் வாலில் ஒன்றுபோல ஒலிக்கும். அறுபதும் எழுபதும் அப்படித்தான், இலக்கம் இலக்கமாகச் சொன்னால் அந்தப் பிரச்சினையே வராது. 'தெற்கு', 'மேற்கு' கூட ஒன்றுக்கொன்று இடம் மாறிக் கேட்கலாம். அட்சரேகைக்கு வடக்கு-தெற்கு மட்டும்தான், தீர்க்கரேகைக்குக் கிழக்கு-மேற்கு மட்டும்தான் என்பதால், அட்சரேகையை எப்போதும் முதலில் சொல்வதே இதற்குக் காவல்.

புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்? டிகிரியில் நான்காவது இலக்கம் ஏறக்குறைய 11 மீட்டரைக் குறிக்கும், ஐந்தாவது 1 மீட்டரை. போனின் ஜிபிஎஸ் அவ்வளவு துல்லியமாக இருப்பதே அரிது. திரையில் ஏழெட்டு இலக்கம் இருந்தாலும் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிசகும், அது போதாது.

எண்ணுக்கு முன்னால் சிறு கோடு இருந்தால் அது கழித்தல் குறி. அட்சரேகையில் இருந்தால் தெற்கு, தீர்க்கரேகையில் இருந்தால் மேற்கு. அதை விட்டுவிட்டால் பெரும்பாலும் வேறு கண்டத்துக்கே போய்விடும் என்பதால் உடனே தெரிந்துவிடும். வம்பு வருவது பூஜ்யக் கோட்டின் அருகில்தான். லண்டன் மையத்தின் தீர்க்கரேகை ஏறத்தாழ -0.13. குறியை விட்டால் 18 கிலோமீட்டர் கிழக்கே ஓரிடம் வரும், நம்பும்படியாகவும் இருக்கும். அதனால் "மைனஸ்" என்பதையும் "மேற்கு" என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: "திரையில் மைனஸ் போட்டிருக்கிறது, அதாவது மேற்கு."

திருப்பிச் சொல்லும்போது

அவசர அழைப்பை எடுப்பவர் அனுபவமுள்ளவர் என்றால் தாம் எழுதியதைத் திருப்பிப் படிப்பார். அவர் படிக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். அவர் படிக்கப் படிக்க, காதில் போனை வைத்துக்கொண்டு "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். மனதில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் பிடிபடாது, ஏனென்றால் கேட்ட எண்ணே மனதில் இருந்த எண்ணாக மாறிவிடும். திரையையோ தாளையோ பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல்: எண் இருக்கும் போனும் பேசும் போனும் ஒன்றே. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேப்புக்கு மாறலாம். காற்றடிக்கும் இடத்தில் ஸ்பீக்கர் கேட்காது. அழைக்கும் முன்பே ஒரு தாளில், தாள் இல்லாவிட்டால் கையில், எழுதிக்கொள்வதையே நான் விரும்புவேன். புள்ளியைப் பெரிதாக எழுதுங்கள்.

தப்பாகப் படித்தார் என்றால் "அந்த மூன்று இல்லை, ஒன்று" என்று ஓர் இலக்கத்தை மட்டும் ஒட்டுப்போடாதீர்கள். எந்த மூன்று என்று அவர் தேடுவார். "தவறு, மறுபடி சொல்கிறேன்" என்று அந்த அட்சரேகை முழுவதையும் மீண்டும் படியுங்கள். வாக்கிடாக்கியில் பேசுவதானால் பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். அந்த முதல் சொல் "வடக்கு" ஆகவோ முதல் இலக்கமாகவோ இருக்கும். அட்சரேகை முடிந்ததும் பொத்தானை விட்டு அவர் எழுதினாரா என்று கேட்டுவிட்டுத்தான் தீர்க்கரேகைக்குப் போக வேண்டும்.

எண்ணோடு நிறுத்தாமல் கண்ணால் பார்ப்பதையும் ஒரு வாக்கியத்தில் சேருங்கள். கிளம்பிய ஊர், எத்தனை மணி நேரம் நடந்தோம், ஆறு எந்தப் பக்கம், என்ன உயரம். ஆல்ப்ஸ் உதாரணத்தில் "காலையில் இந்தக் கிராமத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறினோம்" என்று ஒரு வரி இருந்திருந்தால், 27 கிலோமீட்டர் பிழையை மறுமுனையில் இருந்தவர் அப்போதே பிடித்திருப்பார்.

படிக்கும் முன் அந்த எண் எந்த இடத்துடையது என்றும் பாருங்கள். மேப்பை விரலால் நகர்த்தியிருந்தால், அழுத்தி எடுத்தது நீங்கள் நிற்கும் இடமாக இருக்காது. நீலப் புள்ளியைச் சுற்றிப் பெரிய வெளிர்நீல வட்டம் இருந்தால் ஜிபிஎஸ் இன்னும் இடத்தைப் பிடிக்கவில்லை. திறந்த வெளிக்கு வந்து, வட்டம் சுருங்கும்வரை பொறுங்கள். பொறுக்க முடியாத நிலை என்றால் இருப்பதைச் சொல்லி, "இது தோராயம்தான்" என்றும் சொல்லுங்கள். சிக்னலுக்காக நீங்கள் மேட்டுக்கு ஏறி வந்து அழைக்கிறீர்கள் என்றால், திரையில் இருப்பது மேட்டின் எண். காயம்பட்டவர் கீழே இருக்கிறார், எந்தத் திசையில், எத்தனை தூரத்தில் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு அவரருகே போய் எடுத்த புதிய எண்ணைக் கொடுக்கும்போது, "முன்பு சொன்ன இடத்தை அடித்துவிடுங்கள், இதுதான் இடம்" என்று சொல்லியே தொடங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடங்களில் இரண்டு பேர் விழுந்து கிடப்பதாக அவர்கள் எடுத்துக்கொள்ள நேரிடும்.