லேபிளில் சதுரத்தின் மூலையைப் பாருங்கள்

துணி வெளுக்காமல் இருக்க, மாடிக்கொடியில் போடுமுன் லேபிளில் உள்ள சதுரத்தைப் பாருங்கள். அதன் இடது மேல் மூலையில் சாய்வாக ஒரு கோடோ இரண்டு கோடோ இருந்தால் நிழலில்தான் உலர்த்த வேண்டும். சதுரம் உலர்த்துவதற்கான குறி. நடுவில் செங்குத்துக் கோடு இருந்தால் கொடியில் போடலாம், படுக்கைக் கோடு என்றால் விரித்துப் போட வேண்டும்.

வெயிலின் புற ஊதாக் கதிர் சாயத்தைச் சிதைக்கிறது. கொடியில் மடித்துப் போட்ட கருநீலச் சுடிதாரில் மேல்பக்கம் மட்டும் வெளிறி, மடிப்போரம் கோடு விழுவது அதனால்தான். அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் போடுங்கள். காற்றோட்டம் இருப்பதால் நம் காரைக்குடிப் பக்கத்துச் சூட்டில் நிழலிலேயே நன்றாகக் காய்ந்துவிடும்.

இதே கோடுகள் முக்கோணத்துக்குள் இருந்தால் அர்த்தம் வேறு: குளோரின் பிளீச் கூடாது, ஆக்சிஜன் பிளீச் மட்டும் போடலாம்.

வெள்ளைப் பருத்தித் துண்டு, வேட்டிக்கு இந்தக் கவலை இல்லை, நல்ல வெயிலிலேயே போடலாம். கைத்தறிக் கண்டாங்கியில் பல நேரம் லேபிளே இருக்காது. அதற்கு எப்போதும் நிழல்தான் சரி.