பழைய ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு என்ன விலை போடுவது?

பழைய பொருள் விற்கும் தளங்களில் ஃப்ரிட்ஜ் விளம்பரங்களைப் பார்த்தால் ஒரே மாதிரியான பெட்டிக்கு ஒருவர் கேட்கும் விலை இன்னொருவருடையதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அதிகம் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள், "நான் இவ்வளவு கொடுத்து வாங்கினேனே" என்பார். வாங்க வருகிறவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. தன் வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் குளிர வேண்டும், அதற்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர் கணக்கு. உங்கள் விலை அதில் ஒரு பகுதி. ஏற்றி இறக்கும் கூலியும், பழுதானால் என்ன செய்வது என்ற பயமும் மீதி.

அதனால் விலையை அவர் பக்கத்திலிருந்து கணக்கிடுவோம். உதாரணத்துக்கு ஏழு வருடம் ஓடிய, இரட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ, சுமார் 260 லிட்டர் ஃப்ரிட்ஜ். எந்தப் பணத்துக்கும் பொருந்துவதற்காக, இதே அளவு புது ஃப்ரிட்ஜின் இன்றைய விலையை 100 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: மாடல் எண்ணும் இன்றைய புது விலையும்

மாடல் எண்ணும் கொள்ளளவும் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் உள்பக்கச் சுவரில், காய்கறி டப்பாவுக்குப் பக்கத்தில். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினில் கதவைத் திறந்தால் அதன் விளிம்பிலோ கதவுச் சட்டத்திலோ. மேல் கதவு மெஷினில் பின்பக்கம் பாருங்கள். அதை அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், விளம்பரத்திலும் போடலாம்.

ஏழு வருடத்துக்கு முந்தைய மாடல் இன்று கடையில் கிடைக்காது. அதே வகை, அதே கொள்ளளவில் இன்று எது விற்கிறதோ அதைப் பாருங்கள். பெட்டியில் அச்சடித்த அதிகபட்ச விலை வேண்டாம், தள்ளுபடி போக உண்மையில் கட்ட வேண்டிய தொகைதான் நம் 100. ஃப்ராஸ்ட் ஃப்ரீயை, கையால் ஐஸ் கரைக்க வேண்டிய சாதா ஃப்ரிட்ஜோடு ஒப்பிடக் கூடாது. செமி ஆட்டோமேட்டிக் மெஷினை முன்பக்கக் கதவு மெஷினோடும் அப்படித்தான்.

இரண்டாம் படி: மற்ற விளம்பரங்களைச் சலித்தெடுப்பது

தளத்தில் அதே வகை, கிட்டத்தட்ட அதே அளவு, வயதில் ஓரிரு வருடம் முன்னே பின்னே உள்ளவற்றைத் தேடுங்கள். நம் உதாரணத்தில் தேறியவை ஐந்து என்று வைப்போம். கேட்கும் விலை 45, 38, 34, 30, 28.

இப்போது ஒவ்வொன்றும் எப்போது போடப்பட்டது என்று பாருங்கள். 45 கேட்பவர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அது விலையில்லை, ஆசை. அதைத் தூக்கிவிடுங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: காலையில் போட்டு மாலையில் காணாமல் போன விளம்பரம்தான் சரியான விலையில் இருந்தது. ஆனால் அது உங்கள் தேடலில் வராது. அதனால் ஒரு வாரம் முன்பே தேட ஆரம்பித்து, எது சீக்கிரம் மறைகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது.

மிச்சமுள்ள நான்கில் நடுவில் நிற்பவை 34-ம் 30-ம். இடையில் 32. இது நம் தொடக்கப் புள்ளி.

இது நியாயமான எண்தானா? ஒரு ஃப்ரிட்ஜுக்கு 12 வருட ஆயுள் என்று தோராயமாக வைத்தால், நம்முடையதில் ஐந்து வருடம் மிச்சம். 12-ல் 5 என்றால் 42. சந்தை சொல்வது 32. நடுவில் உள்ள 10 எங்கே போயிற்று? வாரண்டி இல்லாத பொருளை, முழுதாகச் சோதிக்க வழியில்லாமல், தன் செலவில் தூக்கிக்கொண்டு போகும் துணிச்சலுக்கு வாங்குபவர் போடும் விலை அது. உங்களுக்கு அநியாயமாகப் படலாம், ஆனால் அவர் இடத்தில் நீங்களும் அதைத்தான் கழிப்பீர்கள்.

மூன்றாம் படி: பொருளின் நிலையை விலையாக மாற்றுவது

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கீறலும் மங்கிய பெயிண்ட்டும் பெரிய விஷயமில்லை. விலையைத் தின்பவை வேறு.

ஃப்ரிட்ஜில் முதலில் கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் சில இடங்களில் செய்யுங்கள். இழுக்கும்போது பிடிமானம் தெரிய வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. அடுத்தது கம்ப்ரசர். சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தம் கேட்டு, ஓட முயன்று நின்றுவிடுகிறதா? கம்ப்ரசரோ அதைத் தொடங்கிவைக்கும் ரிலேயோ கோளாறு. ரிலே சின்னச் செலவு, கம்ப்ரசர் பெரிய செலவு. எது என்று தெரியாமல் விலை போட முடியாது, மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, குளிர். ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, கீழ்ப்பகுதி 4 டிகிரி செல்சியஸ் பக்கமும் ஃப்ரீசர் மைனஸ் 18 பக்கமும் வருகிறதா என்று சின்ன தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

"கேஸ் புதிதாகப் போட்டது" என்று சிலர் பெருமையாக விளம்பரத்தில் எழுதுகிறார்கள். விவரம் தெரிந்தவர் அதைப் படித்ததும் நகர்ந்துவிடுவார். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, அது தானாகத் தீராது. போட வேண்டி வந்தது என்றால் எங்கோ கசிந்தது என்று அர்த்தம். கசிவை அடைத்துவிட்டுத்தான் போட்டீர்கள் என்றால் அதற்கான ரசீதைக் காட்டுங்கள். இல்லையென்றால் அது விலையைக் குறைக்கும் செய்திதான். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு, விலையிலும் கழித்துக்கொள்ளுங்கள்.

வாஷிங் மெஷினில் வயதைவிட எத்தனை முறை ஓடியது என்பதே முக்கியம். வாரம் இரண்டு முறை துவைத்தால் ஐந்து வருடத்தில் சுமார் 520 முறை. தினமும் துவைத்தால் 1,800-ஐத் தாண்டும். இரண்டுக்கும் வயது ஒன்றே, ஆனால் பொருள் வேறு. உங்களுடையது முதல் வகை என்றால் விளம்பரத்தில் எழுதுங்கள், 100-ல் நான்கைந்து கூடுதலாகக் கேட்கலாம். முன்பக்கக் கதவு மெஷினில் டிரம்மை கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று உராயும் சத்தம் வந்தாலோ, டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது உள்ளே லொடலொட என்று ஆடினாலோ, பேரிங் போகிறது. சில மாடல்களில் வெளித் தொட்டி பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கும். அங்கே பேரிங்குக்காகத் தொட்டியையே மாற்ற வேண்டி வரலாம்.

சரி, பழுது பார்த்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா? நம் ஃப்ரிட்ஜில் கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது. மாற்ற 4 ஆகும். மாற்றாமல் விட்டால் வாங்குபவர் 4 குறைக்க மாட்டார், 7 குறைப்பார். ரப்பரோடு நிற்குமா என்ற சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் கழிப்பார். அதனால் மாற்றிவிடுவதே லாபம். பேரிங் போன மெஷின் கதை நேர்மாறு. பழுது பார்க்க 25, பார்த்தபின் விற்கும் விலை 35 என்றால், அத்தனை அலைச்சலுக்கும் மிஞ்சுவது 10. "பேரிங் சத்தம் உண்டு" என்று வெளிப்படையாகப் போட்டு 12 கேளுங்கள். மெக்கானிக்குகளே வந்து வாங்கிப் போவார்கள்.

மற்ற கழிவுகள் சுருக்கமாக. காய்கறி டப்பா விரிசல்: 1. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை: 2. சாதாரண வண்டிக் கூலியைக் கழிக்க வேண்டாம், அது எல்லா விளம்பரத்துக்கும் பொது. உங்களிடம் மட்டும் கூடுதலாக என்ன சிரமமோ அதைக் கழித்தால் போதும். 32-லிருந்து 3 போக, 29.

நான்காம் படி: இதற்குக் கீழே போகக் கூடாத எண்

புது ஃப்ரிட்ஜ் வாங்கும் கடை, பழையதை எக்ஸ்சேஞ்சில் 15-க்கு எடுப்பதாகச் சொல்கிறது. அப்போ 15-தான் அடிமட்டம் என்று நினைக்கத் தோன்றும். பொறுங்கள். அதே புது ஃப்ரிட்ஜை வேறிடத்தில், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், 6 குறைவாகத் தருகிறார்கள் என்றால் உங்கள் பழைய ஃப்ரிட்ஜுக்கு அந்தக் கடை உண்மையில் கொடுப்பது 9 மட்டுமே. மீதி 6 உங்களிடமே வாங்கி உங்களிடமே தருவது. காயலான் கடைக்காரர் 7 என்கிறார். ஆகவே நம் அடிமட்டம் 9. இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் படி: கேட்கும் விலை

29 என்பது மற்றவர்கள் கேட்கும் விலையிலிருந்து வந்தது, அதனால் நாமும் 29 கேட்கலாம். பேரத்தில் பத்தில் ஒரு பங்கு போகும் என்று எண்ணி 26-ல் முடிக்கத் தயாராக இருங்கள். "எப்படியும் குறைத்துத்தானே கேட்பார்கள்" என்று 40 போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தளத்தில் வாங்குபவர் விலை வரம்பு வைத்துத் தேடுகிறார். 30-க்குள் தேடுபவர் கண்ணில் 40 படவே படாது, பேரம் பேசுவதெல்லாம் அப்புறம். 29 என்பது அந்த வகையிலும் நல்ல எண். கணக்கில் 31 வந்திருந்தால்கூட நான் 30-க்குள் இறக்கித்தான் போடுவேன்.

விளம்பரம் போட்ட முதல் சில மணி நேரத்திலேயே ஐந்தாறு பேர் அழைத்து, பேரமே பேசாமல் "இப்பவே வரேன்" என்றால் விலை குறைவாகப் போட்டுவிட்டீர்கள். முதலில் அழைத்தவருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள், அவர் வராவிட்டால் மட்டும் ஏற்றலாம். பார்வைகள் ஏறுகின்றன, அழைப்பே இல்லை என்றால் விலை அதிகம். அழைக்கிறார்கள், விவரம் கேட்டபின் வருவதில்லை என்றால் விலையை விடுங்கள், நீங்கள் போனில் சொன்ன ஏதோ ஒன்று விளம்பரத்தில் இல்லை. பெரும்பாலும் அது மாடிப்படி.

நம் ஃப்ரிட்ஜுக்குப் புதியது வர இரண்டு வாரம் இருக்கிறது. முதல் வாரம் 29, கடைசி விலை 26. எட்டாம் நாள் 25 என்று மாற்றுங்கள், 21 வரை இறங்கலாம். புதியது வருவதற்கு இரண்டு நாள் முன்பும் நின்றுகொண்டிருந்தால், 9-க்கு மேல் யார் கையில் பணத்தோடும் வண்டியோடும் வந்தாலும் கொடுத்துவிடலாம். அதுவரை ஃப்ரிட்ஜை அணைத்துவிடாதீர்கள். ஓடிக் குளிர்ந்து நிற்பதை நேரில் தொட்டுப் பார்ப்பவர், அணைத்து மூலையில் வைத்ததற்குக் கொடுப்பதைவிட அதிகம் கொடுப்பார்.