820 ரேண்ட் எப்படி வந்தது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மளிகை வாங்கினேன், 320 ரேண்ட். ஏடிஎம்மில் நீள வரிசை. அதனால் கல்லாவிலேயே டெபிட் கார்டில் 500 ரேண்ட் ரொக்கமும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், வங்கிச் செயலியில் கடைப் பெயரில் ஒரே வரி: 820. அரிசியும் பருப்பும் இவ்வளவா என்று பகீரென்றது! பையைக் கொட்டி ரசீதைத் தேடினேன். `PURCHASE 320.00`, `CASH 500.00`, `TOTAL 820.00` என்று தெளிவாகப் பிரித்திருந்தார்கள். கணக்கு சரி.

அப்புறம் தனியாக ஒரு சிறு கட்டணம் வந்தது. கடைக்காரரைத் திட்டப் போனேன். ரசீதில் அது இல்லையே! வங்கியைக் கேட்டேன். ரொக்கம் எடுத்ததற்கு அவர்கள் பிடித்ததுதானாம். என் வங்கிக் கணக்கில் அந்தக் கட்டணம் எடுக்கும் தொகையைப் பார்ப்பதில்லை, தடவைக்கு ஒன்று. இப்போது நூறு நூறாக எடுக்காமல், வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் எடுத்துவிடுகிறேன்.