அழுத்தினால் என்ட்ரோபி எவ்வளவு மாறும்? கிப்ஸ் ஆற்றலிலிருந்து கணக்கிடும் முறை

என்ட்ரோபியை நேரடியாக அளக்கக் கருவி கிடையாது. அழுத்தம், வெப்பநிலை, கனஅளவு ஆகியவற்றை அளக்கலாம். 25°C-இல் உள்ள திரவ நீரை, வெப்பநிலை மாறாமல் அழுத்தினால் அதன் என்ட்ரோபி எவ்வளவு மாறும் என்று பார்ப்போம். நமக்குத் தேவை `(∂S/∂P)_T`.

எந்த ஆற்றலில் தொடங்குவது?

பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். பழக்கத்தில் அக ஆற்றல் U-வை எடுத்தால் கிடைப்பது இது:

```
(∂T/∂V)_S = -(∂P/∂S)_V
```

தவறில்லை, ஆனால் பயனில்லை. இடப்பக்கத்தில் S மாறிலி, வலப்பக்கத்தில் S-ஐப் பொறுத்த வகையீடு; நமக்கு வேண்டியது இதில் இல்லை. உங்கள் வகைக்கெழுவின் கீழே இருக்கும் மாறியையும், மாறிலியாக வைத்த மாறியையும் பாருங்கள். இங்கே அவை P, T. இவ்விரண்டையும் இயல்பான மாறிகளாகக் கொண்டது கிப்ஸ் ஆற்றல் G. (T, V என்றால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல்.)

வகையிடுதல்

```
dG = -S dT + V dP
(∂G/∂T)_P = -S
(∂G/∂P)_T = V
```

இரண்டாம் வரியை P-ஆலும் மூன்றாம் வரியை T-ஆலும் மறுபடி வகையிடுங்கள். வகையிடும் வரிசை எதுவானாலும் விடை ஒன்றே என்பதால் இரண்டும் சமம்:

```
(∂S/∂P)_T = -(∂V/∂T)_P = -αV
```

α என்பது வெப்ப விரிவுக் கெழு. இத்தகைய மேக்ஸ்வெல் தொடர்புகளை நினைவில் வைக்க உள்ள சதுரப் படத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறிகள் நினைவுக்கு வரும், குறி நழுவிவிடும். dG-யை எழுதினால் குறி தானாக வந்துவிடும்.

எண்களைப் போடுதல்

25°C நீருக்கு α = 2.57×10⁻⁴ K⁻¹, மோலார் கனஅளவு 18.07 cm³. அழுத்த உயர்வு 10 MPa என்க. 1 MPa·cm³ என்பது சரியாக 1 ஜூல், ஆகவே அலகு மாற்றமே வேண்டாம்:

```
ΔS ≈ -(2.57e-4)(18.07)(10) = -0.046 J/(mol·K)
```

298 K-ஆல் பெருக்கினால், அழுத்தம் மெதுவாக ஏறும்போது மோலுக்குச் சுமார் 14 ஜூல் வெப்பம் வெளியேறும். விடை 0.46 என்று வந்தால், cm³-உடன் bar-இல் அழுத்தத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

குறி மாறும் இடம்

"அழுத்தினால் என்ட்ரோபி குறையத்தானே வேண்டும்?" என்று பலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். சாதாரண அழுத்தத்தில் 4°C-க்குக் கீழே நீரின் α எதிர்க்குறி. 0°C-இல் ஏறத்தாழ -6.8×10⁻⁵ K⁻¹. அங்கே அழுத்தினால் என்ட்ரோபி கூடும். ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஆன திறந்த அமைப்பை அழுத்தம் குலைப்பதே காரணம். அழுத்தம் ஏற ஏற அந்த 4°C எல்லையும் கீழே இறங்கும். எனவே 3°C போன்ற வெப்பநிலையில் αV-ஐ மாறிலியாக வைத்துப் பெருக்காதீர்கள். ஒவ்வொரு அழுத்தத்திலும் அதன் மதிப்பை எடுத்துத் தொகையிடுங்கள்.