லாக் ரிட்டர்ன்: எங்கே கூட்டலாம், எங்கே கூட்டக்கூடாது

நிஃப்டி 50 குறியீடு 2007 இறுதியில் 6138.60 புள்ளிகளில் முடிந்தது. 2008-ல் 51.79% சரிந்து 2959.15 ஆனது. 2009-ல் 75.76% ஏறி 5201.05. 2010-ல் இன்னொரு 17.95% ஏறி 6134.50. மூன்று சதவீதங்களையும் கூட்டினால் 41.92% லாபம் என்று வருகிறது. ஆனால் தொடக்கமும் முடிவும் கண்ணெதிரே இருக்கின்றன: குறியீடு கிளம்பிய இடத்துக்கே வந்து, அதிலும் நாலு புள்ளி குறைவாக நிற்கிறது.

சதவீதங்களைக் கூட்டுவதுதான் முதல் தவறு. ஒவ்வொரு சதவீதமும் வேறொரு தொகையின் மேல் போடப்பட்டது என்பதைக் கூட்டல் கண்டுகொள்வதில்லை. 100 ரூபாயை வைத்துப் பாருங்கள். 2008 முடிவில் அது 48.21 ஆகிறது. அடுத்த ஆண்டின் 75.76% இந்த 48.21 மீதுதான், 100 மீது அல்ல. கிடைப்பது 36.52 ரூபாய். கையில் இப்போது 84.73. அதன் மேல் 17.95% ஏறினால், தசமங்களைச் சுருக்காத கணக்கில் 99.93. நடந்தது எல்லாமே பெருக்கல்: 0.4821 × 1.7576 × 1.1795.

பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதற்காகவே உண்டானது மடக்கை. பெருக்கப்படும் எண்களின் மடக்கைகளைக் கூட்டினால், பெருக்குத்தொகையின் மடக்கை வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஆண்டுக்கும் “இறுதி விலை வகுத்தல் தொடக்க விலை” என்ற விகிதத்தை எடுத்து, அதன் இயல் மடக்கையைக் கணக்கிடுகிறோம். அதுதான் லாக் ரிட்டர்ன். நம் மூன்று ஆண்டுகளுக்கு அவை −0.72969, +0.56396, +0.16507. கூட்டினால் −0.00066. இதைத் திரும்பச் சதவீதமாக்கினால் −0.07%. குறியீடு உண்மையில் இழந்ததும் அதுதான்.

எக்செல்லில் விலைகள் B2 முதல் B5 வரை இருந்தால், முதல் வரியை C3-ல் போட்டு C5 வரை இழுத்துவிடுங்கள். இரண்டாவது வரி மொத்த வருவாயைத் தரும்.

```
=LN(B3/B2)
=EXP(SUM(C3:C5))-1
```

இங்கே கை தவறும் இடங்கள் இரண்டு. LN-க்குப் பதில் LOG போட்டால் எக்செல் 10-ஐ அடிமானமாக எடுத்துக்கொள்ளும். அந்த எண்களும் ஒழுங்காகவே கூடும், அதனால் பிழை வெளியே தெரியாது. கடைசியில் EXP போடும்போதுதான் விடை கெடும். பைதானில் `np.log` இயல் மடக்கையையே தரும் என்பதால், அங்கிருந்து எக்செல்லுக்கு வருபவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். மற்றொன்று, கையில் விலை இல்லாமல் சதவீதம் மட்டும் இருக்கும்போது நடப்பது. 5% என்பதை 0.05 ஆக்காமல் `LN(1+5)` என்று எழுதினால் 1.79 வரும். ஒரு மாத வருவாய் 1-ஐத் தாண்டினால் அந்தக் கட்டத்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

அடுத்த தவறு, லாக் ரிட்டர்னையே சதவீதமாக வாசிப்பது. −0.72969-ஐப் பார்த்து “73% நஷ்டம்” என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையான நஷ்டம் 51.79% தான். அசைவு சிறியதாக இருக்கும்வரை இரண்டும் ஒட்டியே நிற்கும்: 1% ஏற்றத்துக்கு லாக் 0.995%, 10%-க்கு 9.53%. பெரிதாகும்போது பிரிந்துவிடும்: 50% ஏற்றம் 40.55 ஆகத் தெரியும், 50% வீழ்ச்சி −69.31 ஆகத் தெரியும். பாதியாகக் குறைந்தது பழைய விலைக்குத் திரும்ப 100% ஏற வேண்டும் அல்லவா? லாக் கணக்கில் இறக்கம் −0.6931, ஏற்றம் +0.6931. சரியாகக் கழிந்து பூஜ்யம் ஆகிறது. கணக்கை மடக்கையில் நடத்துங்கள், ஆனால் வாடிக்கையாளருக்கோ வீட்டாருக்கோ எண்ணைச் சொல்லும்போது EXP போட்டு ஒன்றைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

“தினசரி மாற்றம் சிறியதுதானே, சதவீதத்தையே கூட்டிக்கொள்ளலாம்” என்று நினைப்பதும் ஆபத்து. ஒரு பங்கு ஒருநாள் 1% ஏறி மறுநாள் 1% இறங்குவதாக 250 வர்த்தக நாட்கள் போகட்டும். கூட்டல் பூஜ்யம் என்கிறது. உண்மையில் பங்கு 1.24% இறங்கியிருக்கும். கூட்டலுக்கும் உண்மைக்கும் நடுவே ஒவ்வொரு நாளும் ஏற்படும் இடைவெளி, ஏறத்தாழ அந்த மாற்றத்தின் வர்க்கத்தில் பாதி. அதனால் தினம் 3% ஆடும் பங்கில் இது ஒன்பது மடங்கு வேகமாகச் சேரும்.

இவ்வளவையும் சரியாகப் பிடித்துக்கொண்டவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, மடக்கை கூடும் என்று கற்றுக்கொண்டபின் அதை எல்லா இடத்திலும் கூட்டுவது. ஒரு லட்சத்தை இரண்டு பங்குகளில் பாதிப் பாதியாகப் போட்டிருக்கிறீர்கள். ஒன்று 50% ஏறுகிறது, மற்றது 50% இறங்குகிறது. 75,000-மும் 25,000-மும் சேர்ந்து அதே ஒரு லட்சம், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஆனால் இரண்டு லாக் ரிட்டர்ன்களின் சராசரியை எடுத்தால் −0.1438 வரும், அதாவது 13.4% நஷ்டம் என்று சொல்லும். காரணம் எளிது. காலப்போக்கில் பணம் மாறுவது பெருக்கல் கணக்கில், ஒரே நாளில் பல பங்குகளில் கிடக்கும் பணம் சேர்வது கூட்டல் கணக்கில். ரூபாய் கூடும் இடத்தில் சாதாரணச் சதவீதத்தை எடைபோட்டுக் கூட்டுவதே சரி. எனவே முதலில் போர்ட்ஃபோலியோவின் அன்றைய மொத்த மதிப்பை ரூபாயில் கண்டுபிடித்து, பிறகு அந்த மொத்தத்துக்கு நாளுக்கு நாள் மடக்கை எடுங்கள். வரிசையை மாற்றினால் எண் தவறும்.

தரவிலும் ஒரு பொறி இருக்கிறது. 1:1 போனஸ் கொடுத்த நாளில் பங்கின் விலை பாதியாகும், முதலீட்டாளர் ஒரு பைசாவும் இழப்பதில்லை. திருத்தப்படாத விலைப்பட்டியலில் அன்று −0.69-ஐ ஒட்டிய எண் நிற்கும். அனுபவப்பட்ட கண்ணுக்கு அது கைரேகை மாதிரி: −0.69 கண்டால் போனஸ் அல்லது முகமதிப்புப் பிரிப்பு, −1.61 கண்டால் பத்து ரூபாய் முகமதிப்பு இரண்டு ரூபாயாகப் பிரிந்தது. திருத்திய விலைகளையே எடுங்கள். மேலே நிஃப்டிக்குச் சொன்ன எண்களிலும் டிவிடெண்ட் சேரவில்லை. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் மொத்த வருவாய்க் குறியீடு தேவை.

கடைசியாக, முழு நஷ்டம். வாங்கிய ஆப்ஷன் மதிப்பற்றுப் போய் முடிவது சாதாரணமாக நடப்பது. அப்போது விகிதம் பூஜ்யம், பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது, எக்செல் `#NUM!` காட்டும். எரிச்சலில் அந்த வரியை அழித்துவிடுபவர்கள் உண்டு. அழித்ததும் பட்டியல் லாபத்தில் நிற்பதுபோல் தெரியும், ஏனென்றால் மிகப்பெரிய நஷ்டத்தையே தூக்கி எறிந்தாயிற்று. அந்த ஒரு ஆப்ஷனுக்கு மடக்கை எடுக்காமல் முழுக் கணக்குக்கும் எடுங்கள். 2,00,000 ரூபாய்க் கணக்கில் 10,000 ரூபாய் ஆப்ஷன் பூஜ்யமானால் விகிதம் 0.95, லாக் ரிட்டர்ன் −0.0513. அந்த எண் மற்ற நாட்களோடு தாராளமாகக் கூடும்.