கடல் சிவப்பாக இருந்தால் புயல் வருமா?

ஐப்பசி பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடும். வங்கக் கடல் முழுக்கச் சிவப்பு, கீழே "கடல் கொதிக்கிறது, புயல் உறுதி" என்று ஒரு வரி. அந்தப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது அளவுகோலை. பல நேரங்களில் அது கடலின் வெப்பநிலையே அல்ல, வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்ற வித்தியாசம். அரை டிகிரி கூடினாலே சில படங்களில் ஆரஞ்சு வந்துவிடும்.

சரி, உண்மையான வெப்பநிலைதான் என்றே வைத்துக்கொள்வோம். புயல் உருவாகக் கடல்மேல் குறைந்தது 26.5 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பார்கள். அதைத் தாண்டினால் புயல் என்று புரிந்துகொள்வதுதான் பெரிய தவறு. வங்கக் கடல் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. ஜூலையில்கூட 28 டிகிரியைத் தாண்டும். ஆனால் அந்த மாதத்தில் பெரும்புயல் அரிது. கீழே தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கம் இழுக்க, உயரே கிழக்கிலிருந்து வரும் பலத்த காற்று எதிர்ப்பக்கம் தள்ளும். மேகக் கோபுரம் நேராக எழும்ப முடியாமல் சாய்ந்து சிதறிவிடும். அடுப்பில் தீ இருந்தும் பானையை யாரோ ஆட்டிக்கொண்டே இருப்பது மாதிரி.

இன்னொரு தவறு, மேற்பரப்பை மட்டும் பார்ப்பது. செயற்கைக்கோள் காண்பது கடலின் தோலை. புயலோ தன் காற்றால் கடலைக் கலக்கி, அடியில் உள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும். சூடு சில மீட்டர் ஆழத்தோடு நின்றுவிட்டால், மெதுவாக நகரும் புயல் தன் எரிபொருளைத் தானே அணைத்துவிடும். 50 மீட்டர், அதற்கும் கீழே வரை சூடு இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் வெந்நீரே வரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இந்த ஆழ வெப்பத்துக்கென்றே தனி வரைபடம் வெளியிடுகிறது. நான் முதலில் திறப்பது அதைத்தான்.

2013 டிசம்பரில் வந்த 'மாடி' புயலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் அதிதீவிரப் புயலாக வளர்ந்து வடக்கே போனது, பிறகு தென்மேற்காகத் திரும்பியது. வந்த வழியில் கடல் வெப்பம் குறைவு, மேல்காற்று எதிராக இருந்தது, வறண்ட காற்றும் உள்ளே புகுந்தது. வேதாரண்யம் அருகே கரையைத் தொட்டபோது மிஞ்சியது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான்.

அப்படியானால் கடல் சூடு எதைச் சொல்கிறது? புயல் வருமா என்பதையல்ல, வந்தால் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதை. 2020 மே மாதம் வங்கக் கடல் 30 டிகிரிக்கு மேல் இருந்தது. 16ஆம் தேதி புயலான ஆம்பன், 18ஆம் தேதிக்குள் சூப்பர் புயலாகிவிட்டது.